பாதி கார்டு, மீதி ரொக்கம்

“தம்பி, கார்டுல ரெண்டாயிரத்து ஐந்நூறு போட்டுக்கோ. மீதியைக் கையில தர்றேன்.”

ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கேட்டிருக்கும் பேச்சு இது. அந்த அம்மாவின் கணக்கில் அவ்வளவுதான் இருக்கலாம், அல்லது பர்ஸில் இருக்கும் நோட்டைச் செலவழித்துவிட நினைக்கலாம். காரணம் நமக்கு வேண்டாம். பில் 3,460 ரூபாய். கார்டில் 2,500, ரொக்கமாக 960. இதைக் கம்ப்யூட்டரில் எப்படிப் பதிவது என்பதில்தான் புதிதாகக் கல்லாவுக்கு வருபவர்கள் தடுமாறுகிறார்கள். வரிசையில் பின்னால் பத்துப் பேர் நின்றால் இன்னும் கூடுதலாக.

முதலில் கை போகிற இடம் தப்பானது. துணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பில் கார்டுக்கும் ஒரு பில் ரொக்கத்துக்கும் போட்டுவிடலாம் என்று தோன்றும். எந்தத் துணிகளைக் கூட்டினாலும் சரியாக 2,500 வராது. வந்தாலும், நாளைக்கு அந்த அம்மா ஒரு ஜாக்கெட் துணியை மாற்ற வரும்போது எந்த பில்லைக் கேட்பது என்று குழப்பம். வாங்கிய சரக்குக்கும் அதன் ஜிஎஸ்டிக்கும் ஒரே பில்தான். காசு எந்த வழியில் வந்தது என்பது அந்த பில்லுக்கு அடியில் எழுதும் தனி வரி. பெரும்பாலான பில்லிங் மென்பொருளில் பணம் வாங்கும் திரையில் ரொக்கம், கார்டு, யுபிஐ என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஒரே பில்லில் இரண்டு கட்டங்களை நிரப்பினால் போதும்.

எதை முதலில் வாங்குவது? கார்டைத்தான். வங்கி சரி சொன்னால்தான் அது பணம், மறுத்துவிட்டால் பேச்சு முதலிலிருந்து ஆரம்பிக்கும். முதலிலேயே ரொக்கத்தை வாங்கி டிராயரில் போட்டுவிட்டு, பிறகு கார்டு போகவில்லை என்றால், “நான் கொடுத்தது ரெண்டு நோட்டு”, “இல்லக்கா, ஒண்ணுதான்” என்று வாய்த்தகராறு வரும். ஆகவே கார்டு மெஷினில் 2,500 என்று தட்டி, அந்த அம்மாவிடம் தொகையைக் காட்டி, பின் நம்பரை அவரையே அழுத்தச் சொல்லுங்கள். மெஷின் தானாக பில் தொகையை எடுத்துக்கொள்ளும் கடைகளில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். திரையில் 3,460 முழுதாக வந்து நிற்கும், பழக்கத்தில் பச்சைப் பொத்தானை அழுத்திவிடுவோம். APPROVED என்று வந்து சீட்டு வெளியே வந்த பிறகே கம்ப்யூட்டரில் கார்டுக் கட்டத்தில் 2,500 போட வேண்டும். பாக்கி 960 என்று திரையே சொல்லும்.

இப்போது அவர் இரண்டு 500 ரூபாய் நோட்டு நீட்டுகிறார். இங்கேதான் இரண்டாவது பள்ளம். சில மென்பொருளில் ‘வாங்கிய தொகை’ என்று தனிக் கட்டம் உண்டு. அதில் 1,000 போட்டால், திருப்பித் தர வேண்டியது 40 என்று காட்டி, கணக்கில் 960 மட்டும் ஏற்றிக்கொள்ளும். அந்தக் கட்டம் இல்லாத மென்பொருளில் ரொக்கம் என்ற இடத்தில் 1,000 போட்டால், சில திரைகள் தொகை கூடிவிட்டது என்று மறுக்கும், சில திரைகள் பேசாமல் வாங்கிக்கொள்ளும். பேசாமல் வாங்கிக்கொள்வதுதான் ஆபத்து. சாயங்காலம் டிராயரில் 40 ரூபாய் குறையும், எங்கே போனது என்றே தெரியாது. பில்லில் ஏற வேண்டியது கல்லாவில் தங்கும் காசுதான், கைக்கு வந்த நோட்டு அல்ல. பில்லை முடிக்கும் முன் இரண்டு வரிகளையும் கூட்டிப் பாருங்கள்: 2,500, 960, மொத்தம் 3,460.

கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் சீட்டு வராமல் நின்றுவிடும் நாள்களும் உண்டு. அந்த அம்மாவின் போனில் மட்டும் 2,500 பிடித்ததாக மெசேஜ் வந்திருக்கும். உடனே இன்னொரு தடவை கார்டைச் செருகக் கூடாது. மெஷினில் கடைசிப் பரிவர்த்தனையின் சீட்டை மறுபடி அச்சிட்டுப் பாருங்கள். அதில் அந்தத் தொகை இருந்தால் பணம் வந்துவிட்டது, பில்லில் ஏற்றலாம். இல்லையென்றால் போன் மெசேஜை மட்டும் நம்பி ஏற்றக் கூடாது. கடைக்கு உறுதி வராமல் வாடிக்கையாளர் கணக்கில் பிடித்த பணத்தை ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019இல் போட்ட விதி. இதை அவரிடம் நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். ஆனாலும் பாக்கித் தொகைக்கு வேறு வழி கேட்கும் அந்த நிமிடம் சங்கடமானதுதான்.

நான் கல்லாவில் உட்கார்ந்த முதல் தீபாவளியில், இதே மாதிரி ஒரு பில்லில் கார்டைத் தேய்த்து 2,500 வாங்கிவிட்டு, கம்ப்யூட்டரில் பழக்கத் தோஷத்தால் ரொக்கப் பொத்தானை அழுத்தி முழு பில்லையும் முடித்துவிட்டேன். பில் அச்சாகி வந்தது. மொத்தம் சரியாக இருந்ததால் நானும் கவனிக்கவில்லை, வாடிக்கையாளரும் கவனிக்கவில்லை. ராத்திரி பத்தரை மணிக்குக் கல்லா எண்ணும்போது வயிற்றைக் கலக்கியது.

காலையில் சில்லறைக்காகக் கொடுத்தது 3,000. கம்ப்யூட்டர் கணக்குப்படி ரொக்க விற்பனை 41,250. ஆக டிராயரில் 44,250 இருக்க வேண்டும். மூன்று தடவை எண்ணினேன், 41,750தான் இருந்தது. 2,500 ரூபாய் ஷார்ட்டேஜ். சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, கணக்குப் பிள்ளை அண்ணன் கார்டு மெஷினின் செட்டில்மென்ட் சீட்டை எடுத்தார். கம்ப்யூட்டரில் கார்டு விற்பனை 18,900, சீட்டில் 21,400. “பாரு, அங்க குறையுறது இங்க கூடுது. காசு எங்கயும் போகலடா” என்றார்.

ரொக்கத்தில் குறைவதும் கார்டில் கூடுவதும் ஒரே தொகை என்றால், பணம் தொலையவில்லை, கட்டம்தான் மாறியிருக்கிறது. ரொக்கம் மட்டும் குறைந்து கார்டு சரியாக இருந்தால், சில்லறை கூடக் கொடுத்தோமா, நோட்டு எண்ணிக்கையில் தவறா என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

தேடிக் கண்டுபிடிக்க அன்று முக்கால் மணி நேரம் ஆனது. 2,500 தொகைக்கு எங்களிடம் நான்கு கார்டு சீட்டு இருந்தன, எந்தச் சீட்டு எந்த பில்லுக்கு என்று ஒன்றிலும் குறிப்பு இல்லை. நேரத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். பில்லை ரத்து செய்து புதிதாகப் போடவில்லை. அப்படிச் செய்தால் சரக்குக் கணக்கும் பில் எண்ணும் வீணாகக் கலையும். மேனேஜர் தன் பாஸ்வேர்டில் நுழைந்து, அந்த பில்லின் பணம் வந்த வழியை மட்டும் திருத்தினார். திருத்தும் வசதி இல்லாத கடைகளில் அன்றைய கல்லாத் தாளில் பில் எண்ணோடு எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பார்கள்.

மறுநாள் காலை அண்ணன் ஒரு பேனாவை நூல் கட்டி என் மேஜையில் தொங்கவிட்டார். கார்டு சீட்டு வந்ததும், அதன் மேல்பக்கத்தில் பில் எண்ணும், பக்கத்தில் ‘மீதி ரொக்கம் 960’ என்பதும் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும் என்றார். நாலைந்து நொடி வேலை. வரிசையில் நிற்பவர்கள் முறைப்பார்கள்தான்.