கண்ணாடியில் ஆவி படிந்தால் சட்டையால் துடைக்கலாமா?

சிராங்கூன் சாலையில் பேருந்தை விட்டு இறங்குறீங்க. கால் தரையில் பட்ட அடுத்த நொடியே மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிடுகிறது. எதிரே இருக்கும் பூக்கடைகூடத் தெரியவில்லை. கை என்ன செய்யும்? டி-சட்டையின் நுனியைப் பிடித்து டக்குன்னு ஒரு துடை.

அந்த ஒரு துடைப்புதான் பல கண்ணாடிகளின் ஆயுளைக் குறைக்கிறது.

முதலில், ஏன் ஆவி படிகிறது என்று பார்ப்போம். பேருந்துக்குள் குளிரூட்டி 22, 23 டிகிரி செல்சியசில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணாடியும் அதே அளவுக்குக் குளிர்ந்திருக்கும். சிங்கப்பூரின் வெளிக்காற்றிலோ ஈரம் மிக அதிகம். அந்தக் காற்றைச் சுமார் 24 டிகிரிக்குக் குளிர்வித்தாலே போதும், அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கிவிடும். உங்கள் கண்ணாடி அதைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால், துளிகள் அதன்மேல் படிகின்றன.

இதற்கு மருந்து ஒன்றும் வேண்டாம். ஓரமாக நின்று ஒரு நிமிடம் பொறுங்கள். கண்ணாடி சூடானதும் ஆவி தானாகவே மறைந்துவிடும்.

முகக்கவசம் போட்டால் மட்டும் கதை வேறு

2020 ஏப்ரல் 14 முதல் சிங்கப்பூரில் முகக்கவசம் கட்டாயமானது. பொதுப் போக்குவரத்தில் அந்தக் கட்டாயம் 2023 பிப்ரவரி 13-இல்தான் நீங்கியது. கண்ணாடி போடுபவர்களுக்கு அந்தக் காலம் நன்றாகவே நினைவிருக்கும். இன்றும் இருமல், சளி என்றாலோ, புகைமூட்டம் வந்தாலோ நாம் மறுபடியும் முகக்கவசத்தை எடுக்கிறோம்.

முகக்கவசம் போட்டால் பொறுத்திருப்பதால் பயனில்லை. நீங்கள் விடும் ஒவ்வொரு மூச்சும் ஏறக்குறைய 34 டிகிரியில், ஈரம் நிரம்பி வருகிறது. மூக்கின் இரு பக்கமும் இடைவெளி இருந்தால் அந்தக் காற்று நேராக மேலே ஏறிக் கண்ணாடியில் மோதும். குளிரூட்டிய அறையில் இது ஓயவே ஓயாது.

அதனால் முதலில் அடைக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். முகக்கவசத்தின் மேல் விளிம்பில் இருக்கும் கம்பியை இரண்டு கை விரல்களாலும் மூக்கின் வடிவத்துக்கு அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராக மடங்கி, பக்கங்களில் ஓட்டை விழும். பிறகு கண்ணாடியை முகக்கவசத்தின் மேல் விளிம்புக்கு மேலே உட்காரும்படி போடுங்கள். சரியாக இருக்கிறதா? வேகமாக மூச்சுவிட்டுப் பாருங்கள். கண் பக்கம் காற்று வந்தால் இன்னும் அடையவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது சோப்பு. 2011-இல் பிரிட்டிஷ் அறுவைச் சிகிச்சை இதழ் ஒன்றில் இரண்டு மருத்துவர்கள் எழுதிய எளிய வழி இது: முகக்கவசம் போடுவதற்குச் சற்றுமுன் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மேலே நிற்கும் நீரை உதறி, தானாகக் காயவிட வேண்டும். கண்ணாடியில் மெல்லிய சோப்புப் படலம் தங்கும். அதன்மேல் வரும் ஈரம் குட்டிக் குட்டித் துளிகளாக நிற்காமல் தட்டையாகப் பரவிவிடும். ஒளியைச் சிதறடித்துப் பார்வையை மறைப்பது துளிகள்தான். தட்டையான நீர்ப்படலத்தின் வழியே பார்க்க முடியும்.

ஒரு நாள் முழுக்க இது தாங்கும் என்று எதிர்பார்க்காதீங்க. துடைத்தால் படலமும் போய்விடும், மறுபடியும் கழுவ வேண்டும். ஆவி தடுக்கும் ஸ்பிரே வாங்குவதாக இருந்தால், உங்கள் கண்ணாடியில் உள்ள பூச்சுக்கு அது ஒத்துவருமா என்று கண்ணாடிக் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சட்டை செய்யும் வேலை

'கண்ணாடி' என்று சொல்கிறோமே தவிர, இன்று பெரும்பாலோர் அணிவது பிளாஸ்டிக் வில்லை. எடை குறைவு, எளிதில் உடையாது. ஆனால் கண்ணாடியைவிட மென்மையானது. அதன்மேல் கீறலைத் தாங்கும் பூச்சு, ஒளி பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு என்று மெல்லிய அடுக்குகள் இருக்கும்.

உங்கள் சட்டை மென்மைதான். பிரச்சினை துணியில் இல்லை, இடையில் சிக்கும் தூசியில் இருக்கிறது. சாலைத் தூசியில் மணல் துகள் உண்டு. கோயிலுக்குப் போய்வந்தால் நெற்றியிலிருந்து திருநீறும் உதிர்ந்து கண்ணாடியில் விழும். காய்ந்த நிலையில் துடைக்கும்போது அந்தத் துகள்களை நீங்களே அழுத்தித் தேய்க்கிறீர்கள். 'ஹா' என்று ஊதிவிட்டுத் துடைப்பதும் ஏறக்குறைய அதேதான். அந்த ஈரம் தூசியை அடித்துச்செல்லப் போதாது.

அதனால் முதலில் தண்ணீர், பிறகுதான் விரல். குழாய்த் தண்ணீரில் சில விநாடி காட்டித் தூசியைப் போக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு போதும். கைக்கு ஈரப்பதம் தரும் கிரீம் கலந்த வகை வேண்டாம், அது பிசுபிசுப்பாகப் படியும். சுத்தமான விரல் நுனியால் இரண்டு பக்கமும் தடவுங்கள். மூக்கில் படும் பகுதியையும் விடாதீங்க, எண்ணெய் சேரும் இடமே அதுதான். அலசிய பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். முகக்கவசம் போடப் போகும் நாளில் மட்டும் துணியை விட்டுவிட்டுத் தானாகக் காயவிடலாம்.

அந்தத் துணியையும் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். சாஃப்ட்னர் சேர்க்காதீங்க.

வெந்நீர் வேண்டவே வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரின் முன்பக்கத்தில் கண்ணாடியை வைப்பதும் வேண்டாம். அங்கே வெப்பம் 60 டிகிரியைத் தாண்டிவிடும். சூட்டில் பிளாஸ்டிக் விரிகிற அளவுக்கு அதன் பூச்சு விரியாது. பூச்சு வெடித்து, சிலந்தி வலை போல நுண்ணிய கோடுகள் விழும். கழுவினாலும் அவை போகாது.

மாற்ற வேண்டிய நேரமா?

கழுவிக் காயவைத்த கண்ணாடியைக் கழற்றி, விளக்கின் பிரதிபலிப்பு அதன்மேல் விழும்படி சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு கீறல் என்றால் பரவாயில்லை. கண்மணிக்கு நேராகக் கீறல்கள், வலை போன்ற கோடுகள், திட்டுத் திட்டாக உரிந்த பூச்சு இருந்தால் வில்லையை மாற்றுவதுதான் வழி. பற்பசையால் தேய்த்தால் கீறல் போகும் என்று இணையத்தில் வரும் யோசனையை நம்பாதீங்க. மீதமிருக்கும் பூச்சும் போய்விடும். மூக்குத் தாங்கி பச்சை பிடித்திருந்தால் அதை மட்டும் கடையில் மாற்றிக்கொள்ளலாம், முழுக் கண்ணாடியும் தேவையில்லை.

வில்லை பளிச்சென்று இருந்தும் பேருந்து எண்ணைப் படிக்கக் கண்ணைச் சுருக்குகிறீர்களா? அப்படியென்றால் மாறியிருப்பது உங்கள் கண்ணின் 'பவர்'. பதிவுபெற்ற கண்பார்வை நிபுணரிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. பார்வையில் ஏதோ அழுக்கு போலத் தெரிந்தால் கண்ணாடியைக் கழற்றுங்கள். அழுக்கும் மறைந்தால் அது கண்ணாடியில்தான். கழற்றிய பிறகும் அங்கேயே இருந்து, கண் திரும்பும்போது கூடவே மிதந்தால் அது கண்ணுக்குள் இருப்பது. நெடுநாளாக இருக்கும் ஓரிரு மிதவைகள் பெரும்பாலும் சாதாரணமானவை. ஆனால் திடீரென்று நிறைய கரும்புள்ளிகள், மின்னல் போன்ற வெளிச்சம், ஓரத்திலிருந்து திரை விழுவது போன்ற நிழல் ஆகியவை விழித்திரை கிழிந்ததன் அல்லது விலகியதன் அறிகுறியாக இருக்கலாம். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கு, இளையராக இருந்தாலும், இந்த ஆபத்து கூடுதல். வலி இருக்காது என்பதால் பலர் தள்ளிப்போடுவார்கள். அந்த நேரத்தில் போக வேண்டியது கண்ணாடிக் கடைக்கு அல்ல. அன்றே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.