கண்ணெதிரே இருக்கும் சான்றிதழ், காணவில்லை என்கிறது கணினி

என் தங்கை ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர். வீட்டிலிருந்தே ஜெர்மனி நிறுவனங்களுக்கு வேலை செய்கிறாள். போன மாதம் அவற்றில் ஒன்று, இனி ஒப்பந்தம் தொடர்பான மெயில்களை எல்லாம் டிஜிட்டல் கையெழுத்திட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. அதற்கான சான்றிதழை அவள் பணம் கட்டி வாங்கி, பழைய மடிக்கணினியில் அவுட்லுக்கில் போட்டிருந்தாள். அங்கே கையெழுத்து சரியாக விழுந்தது. புதிய கணினியில் தண்டர்பேர்டுக்கு மாறியதும் நின்றுவிட்டது. "அண்ணா, சான்றிதழ் பட்டியல்ல என் பேரோட தெரியுது. ஆனா தேர்ந்தெடுக்கப் போனா இல்லைங்குது" என்றாள்.

இது பலருக்கும் நேர்வது. காரணம் புரிய, அந்தச் சான்றிதழ் என்னவென்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எஸ்-மைம் எனப்படும் இந்த முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். ஒன்று தனிச்சாவி, அது உங்களிடம் மட்டுமே இருக்கும், கையெழுத்திடுவது அதுதான். இன்னொன்று பொதுச்சாவி, அதைக் கொண்டு அந்தக் கையெழுத்தை யாரும் சரிபார்க்கலாம். "இந்தப் பொதுச்சாவி இந்த மெயில் முகவரிக்காரருடையது" என்று ஒரு சான்றளிக்கும் நிறுவனம் எழுதித் தருவதே சான்றிதழ். அந்த நிறுவனத்தை நம்பலாம் என்று யார் சொல்வது? அதற்கு மேலே ஒரு மூலச் சான்றிதழ் இருக்கிறது. பெரும்பாலும் மூலத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஓர் இடைநிலைச் சான்றிதழும் இருக்கும். ஆக, உங்கள் சான்றிதழுக்கு இடைநிலை பொறுப்பு, இடைநிலைக்கு மூலம் பொறுப்பு. மூலங்களின் பட்டியல் மட்டும் மெயில் மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது.

தண்டர்பேர்டில் சான்றிதழ் போடும் வழி சிக்கலானதல்ல. `Account Settings` திறந்து, உங்கள் கணக்கின் கீழ் `End-To-End Encryption` பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே `Manage S/MIME Certificates` பொத்தானை அழுத்தினால் சான்றிதழ் மேலாளர் வரும். அதில் `Your Certificates` தாவலில் `Import` கொடுத்து, `.p12` அல்லது `.pfx` என்று முடியும் கோப்பைக் காட்டி, அந்தக் கோப்புக்கு வைத்த கடவுச்சொல்லைத் தர வேண்டும். அதன்பின் முந்தைய பக்கத்துக்குத் திரும்பி, கையெழுத்துக்கான சான்றிதழ் என்ற இடத்தில் `Select` அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இறக்குமதி செய்வதும் கணக்கோடு இணைப்பதும் வேறு வேறு வேலைகள்.

`.crt`, `.cer` கோப்புகளில் பொதுவாகச் சான்றிதழ் மட்டும்தான் இருக்கும், தனிச்சாவி இருக்காது. அதை வைத்துக் கையெழுத்திட முடியாது. சாவியும் சேர்ந்து பூட்டப்பட்ட பெட்டிதான் `.p12`.

தங்கை எல்லாப் படிகளையும் செய்திருந்தாள். `Your Certificates` பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதாவது தனிச்சாவி வந்துவிட்டது, கடவுச்சொல்லும் சரி. ஆனால் `Select` அழுத்தியதும், இந்த முகவரிக்குக் கையெழுத்திடச் செல்லுபடியாகும் சான்றிதழைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற அறிவிப்பு வந்தது. அதில் கவனிக்க வேண்டிய சொல் "செல்லுபடியாகும்" என்பது. மென்பொருளின் கையில் சான்றிதழ் இருக்கிறது. அதை அதனால் நம்ப முடியவில்லை.

முதலில் தேதியைப் பார்த்தோம். காலாவதிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அடுத்து, சான்றிதழில் எழுதியிருக்கும் மெயில் முகவரியும் கணக்கின் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. இது பொருந்தாவிட்டால், மெயில் போய்ச் சேர்ந்தாலும் பெறுபவரின் திரையில் எச்சரிக்கை வரும். மூன்றாவதாக, சான்றிதழைத் தேர்ந்து `View` அழுத்தினோம். சங்கிலி முழுதாக இருந்தால் மேலே தனியாள், இடைநிலை, மூலம் என்று அடுத்தடுத்துத் தாவல்கள் தெரிய வேண்டும். அவளுக்கு ஒரே ஒரு தாவல்தான் இருந்தது. சங்கிலியில் நடுக்கண்ணி அறுந்திருந்தது.

உறுதிப்படுத்த, கோப்பையே திறந்து பார்த்தோம்:

```
openssl pkcs12 -in meena.p12 -nokeys
```

கடவுச்சொல் கொடுத்ததும் உள்ளே இருக்கும் சான்றிதழ்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். (பழைய கோப்பாக இருந்து இந்தக் கட்டளை மறுத்தால், கடைசியில் `-legacy` சேர்த்துப் பாருங்கள்.) `BEGIN CERTIFICATE` என்ற வரி ஒரே ஒரு முறை வந்தது. இடைநிலை அந்தப் பெட்டியிலேயே இல்லை.

அப்படியானால் பழைய கணினியில் எப்படி வேலை செய்தது? அவுட்லுக், விண்டோஸின் பொதுவான சான்றிதழ்க் கிடங்கைப் பயன்படுத்துகிறது. இடைநிலைச் சான்றிதழ் அங்கே ஏற்கெனவே இருந்திருக்கிறது. தண்டர்பேர்ட் தனக்கென்று தனிக் கிடங்கு வைத்திருக்கிறது. விண்டோஸிலிருந்து ஏற்றுமதி செய்யும்போது "இயன்றால் சான்றளிப்புப் பாதையிலுள்ள எல்லாச் சான்றிதழ்களையும் சேர்" என்ற பொருளில் ஒரு பெட்டி வரும். தங்கை அதில் டிக் எடுத்துவிட்டிருக்கிறாள்.

சரிசெய்ய இரண்டு வழிகள் இருந்தன. பழைய கணினி கையில் இருந்தால் `certmgr.msc` திறந்து, தனிச்சாவியோடும் அந்த டிக்கோடும் மறுபடி ஏற்றுமதி செய்யலாம். அவள் அந்தக் கணினியை விற்றிருந்தாள். ஆகவே சான்றிதழ் தந்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இடைநிலைச் சான்றிதழை இறக்கி, மேலாளரின் `Authorities` தாவலில் சேர்த்தோம். அப்போது "இந்த நிறுவனம் மெயில் பயனர்களை அடையாளம் காட்டலாமா" என்று தண்டர்பேர்ட் கேட்கும். மூலம் ஏற்கெனவே நம்பப்படுவதாக இருந்தால் டிக் போடத் தேவையில்லை. நாங்கள் போடவில்லை. இடைநிலை சேர்ந்ததுமே `Select` அவளுடைய சான்றிதழைக் காட்டியது. காரணம் தெரியாமல் நம்பிக்கை டிக்குகளைப் போட்டுப் பார்ப்பது கெட்ட பழக்கம். நீங்கள் அனுமதித்த நிறுவனம் யாருடைய பெயரில் சான்றிதழ் கொடுத்தாலும் அன்றுமுதல் உங்கள் மென்பொருள் நம்பும்.

மறையாக்கத்துக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. கையெழுத்திட உங்கள் சாவி போதும். மறையாக்கி அனுப்ப, பெறுபவரின் சான்றிதழ் உங்களிடம் இருக்க வேண்டும். அதற்கு எளிய வழி, அவரைக் கையெழுத்திட்ட ஒரு மெயில் அனுப்பச் சொல்வது. அந்தக் கையெழுத்தோடு அவருடைய சான்றிதழும் வந்துவிடும். மறையாக்கினாலும் தலைப்பு வரி பொதுவாகத் திறந்தபடியே போகும் என்பதால், ஒப்பந்தத் தொகையை அங்கே எழுத வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிவைத்தேன்.

ஏழு மாதம் கழித்து அவளுக்கு இன்னொரு சிக்கல் வரும். கணக்கு இன்னும் பழைய சான்றிதழையே சுட்டிக்கொண்டிருக்கும். அது காலாவதியான நாளில் அனுப்பும் பொத்தானை அழுத்தினால், கையெழுத்திட முடியவில்லை என்று மெயில் நின்றுவிடும். புதியதை இறக்குமதி செய்தால் மட்டும் போதாது. `Select` போய் அதைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும்.

அப்போது பழையதை நீக்கிவிடாதீர்கள். அந்தச் சாவிக்கு மறையாக்கி வந்த மெயில்களை அதே சாவியால்தான் திறக்க முடியும். பழைய `.p12` கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் வேறு ஓரிடத்தில் பத்திரப்படுத்தி வையுங்கள்.