வரைபடத்தில் நீலக்கோட்டுக்கு வெளியே உள்ள இடம்

பழவங்காடியில் சிறு மனை வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் வீட்டுக்கடன் கேட்டு வரும்போது, "தளப்பரப்பு விகிதம் மூன்று என்கிறார்களே, ஐந்து சென்டில் ஆறாயிரம் சதுர அடி கட்டலாமா?" என்று கேட்பதுண்டு. கணக்கு சரிதான், வீடு அப்படி வராது.

தளப்பரப்பு விகிதம் என்பது எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுத்து வரும் எண். அது மேல்வரம்பு மட்டுமே. முதலில் கையைக் கட்டுவது மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவே திறந்து விடவேண்டிய இடம். இதைத்தான் பொறியாளர்கள் செட்பேக் என்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. மனை 10 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். 200 சதுர மீட்டர், ஏறத்தாழ ஐந்து சென்ட். முன்புறம் 3 மீட்டர், பின்புறம் 2, பக்கங்களில் 1.2, 1 மீட்டர் விடுவதாகக் கொள்வோம். மிஞ்சுவது 7.8 மீட்டருக்கு 15 மீட்டர், அதாவது 117 சதுர மீட்டர். மனையில் 65 விழுக்காடு வரை தரைத்தளம் மூடலாம் என்றால் 130 வரவேண்டும். ஆனால் செட்பேக் அதற்கு முன்பே தடுத்துவிடுகிறது. இரண்டு தளம் கட்டினாலும் 234 சதுர மீட்டர்தான். விகிதம் 1.17, மூன்றின் அருகில்கூட வரவில்லை.

அடுத்தது, இந்தப் பகுதியில் மிகவும் கவனிக்கவேண்டியது. சந்து அகலப்படுத்தும் திட்டம் உறுதியாகியிருந்தால், முன்புற இடைவெளி இன்றைய மதிலிலிருந்து அல்ல, வரப்போகும் சாலை எல்லையிலிருந்து அளக்கப்படும். அது ஒன்றரை மீட்டர் உள்ளே வந்தால் கட்டத்தக்க நீளம் 13.5 ஆகும். தளம் ஒன்றுக்கு 11.7 சதுர மீட்டர் போகும். ஒரு படுக்கையறை அளவு. ஆகவே மனை வாங்குமுன்பே சாலைத் திட்டத்தை மாநகராட்சியில் விசாரித்துக்கொள்வது நல்லது. கோட்டைப் பகுதிக்குப் பாரம்பரியம் சார்ந்த தனி நிபந்தனைகளும் உள்ளன. அதையும் அங்கேயே கேட்கவேண்டும்.

அனுமதி வரைபடம் வங்கிக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? கடன் தவணைகளாக விடுவிக்கப்படும்போது, எங்கள் மதிப்பீட்டாளர் நேரில் வந்து அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுவார். வழக்கமாக மாட்டுவது பெரிய மீறல் அல்ல. உள்ளே இடம் போதாமல் பக்க இடைவெளியில் இறக்கிய வெளிப்படிக்கட்டு, பின்புறத்தில் பிறகு சேர்த்த வேலைப்பகுதி, இவைதாம். அறிக்கையில் 'வரைபடத்திலிருந்து விலகல்' என்று எழுதப்பட்டால் அடுத்த தவணை நிற்கும். குடியேற்றச் சான்றும் வீட்டு எண்ணும் தாமதமாகும்.

அஸ்திவாரக் கோடு போடும் நாளில் வரைபடத்தையும் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். நூல் கட்டிய இடத்திலிருந்து நான்கு எல்லைகளுக்கும் அளந்து பாருங்கள். சுண்ணாம்புக் கோட்டை அழித்துப் போட அரை மணி நேரம் போதும்; கான்கிரீட் விழுந்தபின் அது முடியாது. பூச்சுக்கும் மதில் தடிமனுக்கும் சில அங்குலம் கூடுதலாக விட்டுவைக்கக் கொத்தனாரிடம் சொல்லுங்கள்.

உள்படிக்கட்டுதான் வேண்டும் என்று பிறகு தோன்றினால், கட்டுவதற்கு முன் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி பெற்று, அதன் நகலைக் கிளையில் கொடுத்துவிடுங்கள்.