தாங்கும் அளவுக்கு மேல் மின்மாற்றி

இணையாக ஓடும் இரண்டு மின்மாற்றிகளில் ஒன்று பழுதானால், மற்றது தன் பெயர்ப்பலகை அளவில் 130 சதவீதம் வரைகூட சுமக்க நேரலாம். அது உடனே எரிந்துவிடாது. மின்னோட்டம் 1.3 மடங்கானால் சுருளில் எழும் வெப்பம் ஏறக்குறைய 1.7 மடங்காகும். ஆனால் டன் கணக்கான எண்ணெய் சூடேறச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த அவகாசமே அவசரத்துக்குக் கைகொடுக்கிறது.

விலை கொடுப்பது சுருளைச் சுற்றிய காகிதம். அதுவும் பெரும்பாலும் சுருளின் மேற்பகுதியில் உள்ள மிகச் சூடான புள்ளியில். சாதாரண காகிதத்துக்கு அங்கே 98 டிகிரி செல்சியஸ்தான் இயல்பான முதுமையின் அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் முதுமை வேகம் இரட்டிக்கிறது. 122 டிகிரியில் அது 16 மடங்கு. அங்கே இரண்டு மணி நேரம் ஓடினால் 32 மணி நேர ஆயுள் போகும். அது பொறுக்கக்கூடிய இழப்புதான்.

140 டிகிரியை நெருங்கினால் கதை வேறு. ஈரம் ஊறிய காகிதத்திலிருந்து நீராவிக் குமிழிகள் கிளம்பி, மின்காப்பு அந்த நொடியே உடையலாம். மெதுவான சிதைவை எண்ணெயில் கலக்கும் ஃபியூரான் சேர்மங்கள் காட்டிக்கொடுக்கும்; குமிழிக்கு அப்படி முன்னறிவிப்பு கிடையாது.