ஒரு மாத்திரைக்குள் இரண்டு மருந்து

பார்க்கின்சன் நோயாளி இருக்கும் வீட்டில் 110, 125, 275 என்ற எண்களைத் தெரியாதவர் இருக்க மாட்டார். மருந்துக் கடையில்கூட 'நூத்திப்பத்து ரெண்டு அட்டை' என்றுதான் கேட்பார்கள். இந்த எண் ஒரு கூட்டல் கணக்கு. 110 என்றால் லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10. 125 என்றால் லெவோடோபா அதே 100, கார்பிடோபா 25. 275-இல் லெவோடோபா 250, கார்பிடோபா 25. இரண்டில் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைப்பது லெவோடோபா மட்டுமே. கார்பிடோபாவைத் தனியாக விழுங்கினால் நோய் இம்மியளவும் குறையாது. பிறகு அது எதற்காகக் கூடவே வருகிறது?

மூளையின் அடிப்பகுதியில் கருநிறத்தில் ஒரு சிறு பட்டை இருக்கிறது. அங்குள்ள நரம்பு செல்கள் டோபமின் என்ற பொருளைச் சுரந்து, நம் அசைவுகளைச் சீராக்கும் பகுதிக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சனில் இந்த செல்கள் படிப்படியாக மடிகின்றன. டோபமினில் பெரும்பகுதி வற்றிய பிறகுதான் கை நடுங்க ஆரம்பிக்கிறது, நடை குறுகுகிறது, கையெழுத்து சிறுத்துப்போகிறது. குறைவது டோபமின் என்றால் அதையே ஊசியில் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். ஏற்றினாலும் பயனில்லை. ரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. டோபமினை அது உள்ளே விடாது. ஆனால் டோபமினாக மாறுவதற்கு முந்தைய நிலையில் உள்ள லெவோடோபா ஓர் அமினோ அமிலம். அமினோ அமிலங்களுக்கென்று தடுப்பில் இருக்கும் வழியே அது உள்ளே போய், அங்கே டோபமினாக மாறிக்கொள்கிறது.

இதற்கான முதல் சான்று முயல்களிடம் கிடைத்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கும் ரிசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தால் முயல்கள் அசைவற்றுக் கிடக்கும். 1957-இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் அவற்றுக்கு டோபாவை ஊசியாகச் செலுத்த, அவை எழுந்து நடமாடின. 1961-இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச்சும் பிர்க்மையரும் நோயாளிகளுக்கே அதைச் செலுத்திப் பார்த்தார்கள். எழுந்திருக்க முடியாதவர்கள் நடந்தார்கள். ஆனால் அந்த நலம் சில மணி நேரத்தில் மறைந்தது. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், மருந்தை வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நாளுக்குப் பல கிராம் வரை கொண்டுபோனபோதுதான் பலன் நிலைத்தது. கூடவே கடும் குமட்டலும் வாந்தியும் வந்தன.

ஏன் கிராம் கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது? லெவோடோபாவை டோபமினாக மாற்றும் நொதி மூளையில் மட்டும் இருப்பதில்லை. குடல் சுவரில், கல்லீரலில், சிறுநீரகத்தில் எல்லாம் அது இருக்கிறது. விழுங்கிய மருந்தின் பெரும்பகுதி மூளையை எட்டுமுன்பே டோபமினாகிவிடுகிறது. அப்படி மாறியது இனித் தடுப்பைத் தாண்டாது. 100 மில்லிகிராமில் மூளைக்குச் சேர்வது ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம்தான். மீதி வீணாகிறது என்பதோடு முடிந்தாலும் பரவாயில்லை. வாந்தியைத் தூண்டும் மையம் மூளையில் இருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் தடுப்பு இல்லை. ரத்தத்தில் திரியும் டோபமின் அதை நேராகப் போய்த் தூண்டுகிறது.

கார்பிடோபா அந்த நொதியை முடக்குகிறது. ஆனால் மூளைத் தடுப்பை அதனால் தாண்ட முடியாது. அந்த இயலாமைதான் அதன் பயன் முழுவதும். தாண்டினால் மூளைக்குள்ளும் நொதியை முடக்கி, லெவோடோபாவை உதவாமல் ஆக்கிவிடும். வெளியே மட்டும் மாற்றத்தை நிறுத்தி, உள்ளே நடக்க விடுகிறது. இப்போது மூளைக்குச் சேர்வது சுமார் பத்து சதவீதம். தேவைப்படும் லெவோடோபா நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, குமட்டலும் தணிகிறது. (பென்செரசைட் என்ற இன்னொரு மருந்தும் இதே வேலையைச் செய்யும்.)

மாத்திரை அட்டையின் எண் இங்கேதான் முக்கியமாகிறது. உடம்பிலுள்ள அந்த நொதியைப் போதிய அளவு முடக்க நாளுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா வேண்டும். 110 மாத்திரையை மூன்று வேளை போடுபவருக்குக் கிடைப்பது 30 மட்டுமே. அவருக்கு வயிற்றைப் புரட்டினால் 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடுவது உண்டு. ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் மருந்து அல்ல, கார்பிடோபாவின் குறைவு. அதே லெவோடோபாவை 125 மாத்திரையாகக் கொடுத்தால் கார்பிடோபா 75 ஆகிவிடும். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

பூனைக்காலி விதையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937-இலேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் விதைப் பொடியில் கார்பிடோபா இல்லை, ஒரு கரண்டியில் எவ்வளவு லெவோடோபா என்பதும் நிச்சயமில்லை. மாத்திரையோடு சேர்த்து இதையும் சாப்பிட்டுவிட்டு மருத்துவரிடம் சொல்லாமல் இருந்தால், அவர் போடும் கணக்கு எதுவும் சரியாக வராது.

இனி ஆண்டுகள் ஓடும்போது என்ன ஆகிறது? உதாரணத்துக்கு 58 வயதுத் தையற்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊசியில் நூல் கோக்க முடியாமல் மருத்துவரிடம் போனார். காலை 7, மதியம் 1, இரவு 7 என்று மூன்று வேளை 125. மூன்று நான்கு வாரத்தில் மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வேளை மாத்திரை மறந்தாலும் தெரியாது. நான்கைந்து ஆண்டுகள் இப்படியே போயின. பிறகு மாலை 4 மணிக்குமேல் கால் இழுக்க ஆரம்பித்தது. இரவு மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் சரியானது. இன்னும் ஓராண்டில் வேறொன்று சேர்ந்தது: மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து தோளும் கழுத்தும் தானாக நெளிந்தன.

கார்பிடோபாவுடன் சேர்ந்தாலும் லெவோடோபா ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்ப காலத்தில் அது உறுத்தாததற்குக் காரணம், மிஞ்சியிருந்த நரம்பு செல்கள் டோபமினைச் சேமித்து நிதானமாக வெளிவிட்டதுதான். மொட்டைமாடித் தொட்டி பெரிதாக இருக்கும்வரை குழாயில் எப்போது தண்ணீர் வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. தொட்டி போய்விட்டால் குழாய் வரும் நேரம்தான் வாழ்க்கை. செல்கள் குறையக் குறைய ரத்தத்தில் மருந்து ஏறி இறங்குவது அப்படியே உடம்பில் தெரிகிறது. இறங்கும்போது கால் இழுக்கிறது. இதை மருந்து தேய்ந்துபோதல் என்கிறார்கள். உச்சத்துக்கு ஏறும்போது உடம்பு நெளிகிறது. இதற்கு டிஸ்கைனீசியா என்று பெயர். மருந்து தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளில் பத்தில் நான்கு பேருக்காவது இவற்றில் ஒன்று வந்துவிடுகிறது. இளவயதில் நோய் தொடங்கியவர்களுக்குச் சீக்கிரம் வரும்.

வீட்டில் உள்ளவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நெளிவைப் பார்த்து 'நடுக்கம் ஜாஸ்தியாயிடுச்சு' என்று இன்னொரு மாத்திரையை நீட்டுகிறார்கள். நெளிவு கூடுகிறது. பார்க்கின்சன் நடுக்கம் சும்மா வைத்திருக்கும் கையில், ஒரே தாளத்தில், விரலால் மாத்திரை உருட்டுவதுபோல வரும். நெளிவுக்குத் தாளம் கிடையாது. தலை, தோள், இடுப்பு என்று ஆடுவதுபோல ஒழுகிக்கொண்டே இருக்கும். பார்த்து முடிவுக்கு வர முடியாவிட்டால் கடிகாரம் சொல்லிவிடும். ஒரு நோட்டில் மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், அரை மணிக்கொருமுறை உடம்பு எப்படி என்பதை எழுதி வர வேண்டும். மூன்று நாள் போதும். தையற்காரரின் நோட்டில் 8 மணிக்கு நெளிவு, 10:30 வரை நல்ல நிலை, 11:30-க்கு இறுக்கம் என்று இருந்தால், நெளிவு உச்சத்தில் வருகிறது, மருந்து நான்கு மணி நேரம்தான் தாங்குகிறது என்று மருத்துவர் படித்துவிடுவார்.

இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர். தேய்ந்துபோனால் வேளைகளை நெருக்கலாம், அல்லது லெவோடோபாவை வேறு வழியில் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் என்டகபோனையோ, மூளையில் டோபமின் சிதைவதைத் தடுக்கும் ரசாகிலினையோ சேர்க்கலாம். நெளிந்தால் ஒவ்வொரு வேளை அளவையும் குறைக்க வேண்டும், அல்லது அமன்டடின் சேர்க்க வேண்டும். இரண்டும் உள்ளவருக்குச் சிறு அளவாக, அடிக்கடி. என்டகபோன் எடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட ஒன்றுமில்லை.

நோட்டில் சாப்பாட்டு நேரத்தையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. லெவோடோபா நுழையும் அதே வழியில்தான் பருப்பு, கறி, முட்டையிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் நுழையப் பார்க்கின்றன. கறிச்சோறோடு போட்ட மதிய மாத்திரை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி பின்போ போட்டுப் பார்க்கலாம். புரதத்தையே விட்டுவிடக் கூடாது. இந்த நோயாளிகள் ஏற்கெனவே இளைத்துப்போகிறவர்கள்.

இதையெல்லாம் கேட்டவர்கள், லெவோடோபாவைத் தள்ளிப்போட்டால் நல்லதுதானே என்பார்கள். மருத்துவர்களிலும் பலர் நெடுங்காலம் அப்படி நினைத்தார்கள். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கானாவையும் இத்தாலியையும் ஒப்பிட்டது. கானாவில் மருந்து எளிதில் கிடைக்காததால் நோயாளிகள் சராசரியாக நான்கு ஆண்டு கழித்தே லெவோடோபா தொடங்கினார்கள். இத்தாலியர்கள் இரண்டரை ஆண்டுக்குள். ஆனாலும் நோய் ஆரம்பித்ததிலிருந்து கணக்கிட்டால் இரு நாட்டிலும் தொல்லைகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன. மருந்து எத்தனை ஆண்டு உள்ளே போனது என்பதைவிட, நோயின் வயதும் அன்றாட அளவும்தான் தீர்மானிக்கின்றன. தள்ளிப்போட்டவருக்கு மிச்சமானது, நன்றாக நடந்திருக்கக்கூடிய இரண்டு ஆண்டுகளின் இழப்பு.

லெவோடோபாவுக்குப் பதிலாகத் தரும் மருந்துகளும் சாதுவானவை அல்ல. பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை டோபமின்போல நடிப்பவை, நெளிவு குறைவு. ஆனால் சிலருக்குச் சூதாட்டம், கண்டதை வாங்கிக் குவித்தல், அடங்காத காம உணர்வு என்று வெறி பிடிக்கும். நோயாளி வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார். வீட்டார்தான் கவனிக்க வேண்டும். நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிபெனிடில் முதியவர்களின் புத்தியைக் குழப்பும். ஆண்டுகள் கடந்தபின் லெவோடோபாவாலும் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதும், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதும் உண்டு.

வாந்திக்கு மெடோகுளோப்ரமைடு போடக் கூடாது. அது மூளைக்குள் டோபமினையே தடுத்து நோயைக் கூட்டும். டாம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் போகாது என்பதால் அதைத்தான் தருவார்கள், இதயக் கோளாறு இருந்தால் யோசித்து. கடைசியாக, லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. உடல் மரமாக விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, நினைவு மங்கி, உயிர் போகும் நிலைகூட வரலாம். அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி போடச் சொன்னால், இவருக்கு இத்தனை மணிக்கு இந்த மாத்திரை என்று எழுதிய தாளை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். விழுங்க முடியாதபோது மூக்குக் குழாய் வழியாகவும் அந்த மருந்தைக் கொடுக்க முடியும்.