ராக்கெட் போய்ச் சேர்வதற்குள்

கவுன்டர் ஸ்ட்ரைக்கில் கைதேர்ந்த ஒருவர் பப்ஜிக்கு வந்ததும் தடுமாறுவது, தூரத்தில் ஓடுகிறவனைச் சுடும்போதுதான். குறி அவன் மேலேயே இருக்கும். குண்டோ முதுகுக்குப் பின்னால் போய்விடும். முதல் விளையாட்டில் குண்டுக்குப் பயண நேரமே கிடையாது. இரண்டாவதில் உண்டு.

இந்த இரண்டு வகை ஆயுதங்களும் ஒருவர் கையிலேயே கிடைப்பது 1999இல் வந்த குவேக் 3 அரீனாவில். அதன் ரெயில்கன்னைச் சுட்டதும் கணினி ஒரு நேர்கோட்டை நீட்டி, அது முதலில் தொடுவது சுவரா ஆளா என்று பார்க்கிறது. ஆள் என்றால் அக்கணமே 100 புள்ளி சேதம். குண்டு என்ற பொருள் உருவாவதே இல்லை. திரையில் தெரியும் ஒளிக்கீற்று, கணக்கு முடிந்தபின் வரைவது. இதுதான் ஹிட்ஸ்கேன்.

ராக்கெட் அப்படியல்ல. அது களத்துக்குள் நிஜமாகவே நகரும் ஒரு பொருள், வேகம் நொடிக்கு 900 அலகு. ஆட்டக்காரர் சாதாரணமாக ஓடும் வேகம் 320. எதிரி 900 அலகு தள்ளிக் குறுக்கே ஓடுகிறான் என்று வையுங்கள். ராக்கெட் அங்கே போய்ச் சேர ஒரு நொடி. அதற்குள் அவன் 320 அலகு தாண்டியிருப்பான். அவன் உடல் அகலமே 30 அலகுதான். ஆகவே பத்து ஆள் அகலத்துக்கும் மேல் முன்னால் குறிவைக்க வேண்டும். அவனும் ராக்கெட்டைப் பார்த்துவிட்டு நின்றாலோ திரும்பினாலோ அந்தக் கணக்கும் வீண். அதனால்தான் தேர்ந்தவர்கள் நெஞ்சைக் குறிவைக்காமல் காலடித் தரையைக் குறிவைக்கிறார்கள். வெடிப்பு 120 அலகு வரை பரவும். நேராகப் படாவிட்டாலும் அடிபடும். என் கணிப்பில் இந்த விளையாட்டின் அழகே இங்கேதான்: ராக்கெட் சுடுபவர் எதிராளியின் அடுத்த எண்ணத்தைச் சுடுகிறார்.

இணையத்தில் ஆடும்போது பிங் குறுக்கிடுகிறது. பிங் 100 மில்லிநொடி என்றால், அந்த நேரத்தில் எதிரி 32 அலகு, அதாவது ஓர் ஆள் அகலம், நகர்ந்திருப்பான். குவேக் 3 முதலில் வந்தபோது இதற்கு ஈடுசெய்யும் ஏற்பாடு இல்லை. திரையில் ரெயில்கன் கச்சிதமாகப் பட்டதுபோல் தெரிந்தும் தவறிப்போகும். கவுன்டர் ஸ்ட்ரைக் போன்றவற்றில் சர்வர், ஆட்டக்காரர்கள் சற்றுமுன் இருந்த இடங்களை நினைவில் வைத்து, நீங்கள் சுட்ட கணத்துக்குப் பின்னோக்கிப் போய்க் கோட்டைச் சோதிக்கிறது. அடிபட்டவர் பக்கம் இதற்கு ஒரு விலை உண்டு: சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் சாக நேரிடும்.

ராக்கெட்டுக்குப் பெரும்பாலும் இந்தச் சலுகை இல்லை. காலத்தைப் பின்னுக்கு இழுத்தால், எதிரி கண்ணால் பார்த்து விலகிய ராக்கெட்டும் அவனைக் கொன்றுவிடுமே.