ரூபாய்க்கும் பவுண்டுக்கும் நடுவே ஒரு டாலர்

திருப்பூரில் தைத்த டி-ஷர்ட்டை பர்மிங்காமில் உள்ள ஒரு இறக்குமதியாளர் வாங்குகிறார். இவர் நூலுக்கும் சாயப்பட்டறைக்கும் தையல் கூலிக்கும் கொடுப்பது ரூபாய். அவர் கடைகளுக்கு விற்றுப் பெறுவது பவுண்டு. ஆனால் இன்வாய்ஸில் இருப்பது டாலர். அமெரிக்காவுக்கும் இந்த வியாபாரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இது அபூர்வமான ஏற்பாடு அல்ல. பொருளாதார அறிஞர் கீதா கோபிநாத் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்திய ஏற்றுமதியில் சுமார் 86 சதவீதத்துக்கு டாலரில்தான் விலை போடப்பட்டது. அப்போது அமெரிக்காவுக்குப் போன சரக்கோ ஏறக்குறைய 15 சதவீதம்தான். மற்ற நாடுகளுக்கு அனுப்பும்போதும் நாம் பெரும்பாலும் டாலரிலேயே விலை பேசுகிறோம். வங்கியில் டாலரை மாற்றுவது சுலபம், செலவும் குறைவு. போட்டியாளர்களும் டாலரில்தான் விலை சொல்கிறார்கள், அதனால் வாங்குபவருக்கு ஒப்பிட வசதி. இந்த வசதிக்குப் பின்னால் இரண்டு பக்கத்திலும் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதை 2016 நன்றாகவே காட்டியது.

அந்த ஆண்டு ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று பிரிட்டன் மக்கள் வாக்களித்தார்கள். அன்றிரவு ஒரு பவுண்டு சுமார் 1.50 டாலர். முடிவு தெரிந்த மறுநாளே ஒரு கட்டத்தில் 1.33க்கும் கீழே போனது. அக்டோபரில் 1.22 அளவில் நின்றது. அதே நான்கு மாதத்தில் ரூபாய் என்ன செய்தது? ஜூனில் ஒரு டாலருக்கு 67 ரூபாய் சொச்சம், அக்டோபரில் 66.70 அளவு. கிட்டத்தட்ட அசையவே இல்லை.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஜூன் 23 அன்று 20,000 பீஸுக்கு ஒரு ஆர்டர் உறுதியாகிறது. பீஸ் 3 டாலர், மொத்தம் 60,000 டாலர். ஏற்றுமதியாளருக்கு ஒரு பீஸுக்கு அடக்கம் 188 ரூபாய், கைக்கு வருவது சுமார் 201 ரூபாய். அந்தப் பக்கம் வாங்குபவருக்கு 3 டாலர் என்றால் 2 பவுண்டு. கப்பல் வாடகை, சுங்க வரி, கிடங்கு எல்லாம் சேர்த்து இன்னொரு 60 பென்ஸ். கடைகளுக்கு 2.90 பவுண்டுக்குத் தருவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். பீஸுக்கு 30 பென்ஸ் லாபம்.

சரக்கு தயாராகும் அக்டோபரில் ஏற்றுமதியாளர் பார்ப்பது டாலர்–ரூபாய் விலையை மட்டும்தான். பீஸுக்கு இன்னும் 200 ரூபாய் வருகிறது, கவலைப்பட ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் வாங்குபவருக்கு அதே 3 டாலர் 2.46 பவுண்டாகிவிட்டது. 60 பென்ஸ் செலவைச் சேர்த்தால் 3.06. விற்பதோ 2.90. ஒவ்வொரு பீஸிலும் 16 பென்ஸ் நஷ்டம். விலை உயர்ந்தால் சுங்க வரியும் கூடும், அதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்து என்ன நடக்கும் என்பது ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். “பாதிச் சுமையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று மெயில் வரும். பாதி என்றால் 23 பென்ஸ். அதாவது விலை 2.23 பவுண்டு, டாலரில் 2.72, ரூபாயில் 181.50. அடக்கம் 188 ஆயிற்றே! பீஸுக்கு ஆறரை ரூபாய் கைவிட்டுப் போகிறது, 20,000 பீஸுக்கு 1,30,000 ரூபாய். டாலர்–ரூபாய் விலை அசையாத ஒரு காலத்தில் வந்த நஷ்டம் இது. வங்கிக் கணக்கிலோ தணிக்கை அறிக்கையிலோ இது அந்நியச் செலாவணி நஷ்டம் என்று பதிவாகாது. ‘தள்ளுபடி’ என்றுதான் எழுதப்படும். அதனால்தான் பலருக்கு இது கண்ணில் படுவதில்லை.

உண்மையில் இந்த வியாபாரம் சார்ந்திருப்பது பவுண்டு–ரூபாய் விலையை. அந்த விலை இன்வாய்ஸில் எங்குமே இல்லை. இரண்டு எண்களைப் பெருக்கினால் கிடைத்துவிடும்: ஜூனில் 1.50 × 67.25, அதாவது சுமார் 101. அக்டோபரில் 1.22 × 66.70, சுமார் 81. ஐந்தில் ஒரு பங்கு சரிந்திருக்கிறது. டாலர் அந்தச் சரிவை இரண்டு துண்டாக்கி, டாலர்–ரூபாய் துண்டை விற்பவரிடமும், பவுண்டு–டாலர் துண்டை வாங்குபவரிடமும் கொடுத்தது. 2016இல் சரிவு முழுவதும் வாங்குபவரின் துண்டில் விழுந்தது. தாங்க முடியாதபோது அவர் அதை விற்பவர் பக்கம் தள்ளிவிட்டார்.

எல்லோரும் நேரடியாகத் தள்ளுபடி கேட்பதில்லை. சிலர் எல்.சி. திறப்பதைத் தள்ளிப்போடுவார்கள். சிலருக்குத் திடீரென்று தையலில் குறை தெரியும், நிறம் சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை என்பார்கள். பணம் கட்டி ஆவணங்களை வாங்கிக்கொள்ளும் முறையில் அனுப்பிய சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும், நாள்வாடகை ஏறும். தரப் புகார் வந்தால் துணியைச் சோதிப்பதோடு, ஆர்டர் போட்ட நாளில் வாங்குபவரின் நாணயம் என்ன விலை, இன்று என்ன விலை என்றும் பார்த்துவிட வேண்டும். ஏழெட்டு சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தால் புகாரின் வேர் அங்கேயும் இருக்கலாம்.

“நான்தான் ஃபார்வர்டு போட்டுவிட்டேனே” என்று ஏற்றுமதியாளர் நினைக்கலாம். ஃபார்வர்டு கான்ட்ராக்ட் என்பது வரப்போகும் டாலரை இன்றே ஒரு விலைக்கு வங்கியிடம் விற்றுவைப்பது. அது அவருடைய துண்டை மட்டும்தான் காக்கும். அதிலும் 60,000 டாலர் தருவதாகச் சொல்லியிருப்பார், தள்ளுபடிக்குப் பிறகு வருவது 54,400. மீதி 5,600 டாலரை அன்றைய சந்தை விலைக்கு ரத்து செய்ய வேண்டும். இடையில் ரூபாய் பலவீனமாகியிருந்தால் தள்ளுபடி நஷ்டத்தோடு ரத்து நஷ்டமும் சேரும்.

அப்படியானால் பவுண்டிலேயே இன்வாய்ஸ் போட்டுவிடலாமா? போடலாம், ஆனால் அன்றே பவுண்டு–ரூபாய் ஃபார்வர்டு எடுத்தால் மட்டும். 2 பவுண்டு என்று விலை போட்டுவிட்டு ஃபார்வர்டு எடுக்காமல் இருந்தவருக்கு அக்டோபரில் கிடைத்திருக்கும் தொகை பீஸுக்கு 163 ரூபாய்தான். அடக்கத்தைவிட 25 ரூபாய் குறைவு, மொத்தம் 5 லட்சம் நஷ்டம். முன்பு இரண்டாகப் பிரிந்திருந்த ஆபத்து முழுவதும் இப்போது இவர் தலையில். ஃபார்வர்டு எடுத்தவருக்கோ சுமார் 200 ரூபாய் உறுதி, வாங்குபவருக்கும் 2 பவுண்டு உறுதி. பவுண்டு–ரூபாய்க்கு வங்கி வைக்கும் மார்ஜின் டாலரைவிடக் கூடுதலாக இருக்கும், அதைப் பேரம் பேச வேண்டும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பேக்கிங் கிரெடிட்டை டாலர் கடனாக வாங்கியிருந்தால், பவுண்டில் வரும் பணத்தைக் கொண்டு டாலர் கடனை அடைக்க வேண்டியிருக்கும். ஒரு ஓட்டையை அடைத்து இன்னொன்றைத் திறந்த கதையாகிவிடும். கடனையும் பவுண்டிலேயே தருவார்களா என்று முதலில் வங்கியில் கேட்பது நல்லது.

டாலரிலேயே தொடர வேண்டிய நிலை பலருக்கு உண்டு. அவர்கள் விலை பேசும்போதே வாங்குபவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பேன்: “இந்த ஆர்டருக்கான டாலரை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டீர்களா?” பிரிட்டனின் பெரிய கடைக் குழுமங்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே வாங்கி வைக்கும். அதனால்தான் 2016 சரிவு அங்கே துணி விலையில் உடனே தெரியாமல், பின்னால் மெல்லத் தெரிந்தது. சிறிய இறக்குமதியாளர்கள் பலர் பணம் கட்டும் நாளில்தான் டாலர் வாங்குவார்கள். ‘இல்லை’ என்று பதில் வந்தால், அவருடைய துண்டும் பாதி உங்களுடையதுதான் என்று வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். பவுண்டு 1.42க்கும் 1.58க்கும் இடையில் இருக்கும்வரை விலை 3 டாலர், அதற்கு வெளியே போனால் வித்தியாசத்தை இருவரும் பாதிப் பாதி ஏற்பது என்று. பவுண்டு ஏறினால் இவருக்கும் பங்கு கிடைக்கும் என்பதை அதில் எழுத மறக்கக்கூடாது. பவுண்டு 1.22 ஆனபோது தள்ளுபடி கேட்டவர், 1.70 ஆனால் தானாகக் கூட்டித் தரமாட்டார்.